நூல் மதிப்புரையைச் சுருக்கி எழுதுதல்

நூல் மதிப்புரைச் சுருக்கம் என்பது, ஒரு நூலைப் பற்றி ஒருவர் எழுதிய மதிப்புரையைப் படித்து, அவர் எதைப் பாராட்டினார், எதைக் குறை கூறினார், இறுதியில் என்ன முடிவுக்கு வந்தார் என்பதைச் சில வரிகளில் பிறருக்குத் தெரிவிக்கும் எழுத்தாகும். இது நூலின் கதைச் சுருக்கம் அன்று. சுருக்குபவர் தாமே நூலுக்கு எழுதும் புதிய மதிப்புரையும் அன்று. வேறொருவருடைய தீர்ப்பை, கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துச் சொல்வதே இதன் வேலை.

காந்தியடிகளின் தன்வரலாறான 'சத்திய சோதனை'க்கு ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய மதிப்புரை இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. நூல் தமிழ் மாணவர்களுக்கு அறிமுகமானது. மதிப்புரையோ பாராட்டும் குறையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது. ஆகவே சுருக்குபவர் தடுமாறும் இடங்கள் பலவற்றை இந்த ஒரே மதிப்புரையில் காணலாம்.

சுருக்கி வரைதலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு

பள்ளியில் கற்பிக்கப்படும் சுருக்கி வரைதலில், கொடுக்கப்பட்ட பகுதியை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்பது வழக்கம். முதலில் சொற்களை எண்ணி, பின்னர் எடுத்துக்காட்டு, உவமை, அடைமொழி ஆகியவற்றை நீக்கி, கருத்துகளை வந்த வரிசையிலேயே தொகுத்தால் போதும். ஒவ்வொரு பத்தியும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்கும்.

மதிப்புரைக்கு இம்முறை பொருந்தாது. மதிப்புரையில் ஒரு கருத்து பிடித்துக்கொள்ளும் இடமும் அதன் எடையும் ஒன்றல்ல. நூலில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கே மதிப்புரையாளர் பாதி இடத்தைச் செலவிட்டிருக்கலாம். அவருடைய தீர்ப்பு கடைசிப் பத்தியில் ஒரே வாக்கியமாக இருக்கலாம். எல்லாவற்றையும் சம அளவில் குறைத்தால் நூற்செய்தி நிறைய மிஞ்சும். தீர்ப்பு காணாமல் போகும். எனவே இங்கே அளவைப் பார்த்துக் குறைக்காமல், ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

மூன்று குரல்கள்

மதிப்புரையைச் சுருக்கும்போது மூவர் பேசுகிறார்கள்: நூலாசிரியர், மதிப்புரையாளர், சுருக்குபவர். இவர்களுள் யார் பேசுகிறார் என்பது குழம்பினால் சுருக்கம் பொய்யாகிவிடும்.

காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத் மாணவர்களுக்குப் பக்கத்து ஊரான உத்திரமேரூரை வைத்து இதை விளக்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டு, குடவோலைத் தேர்தலில் நிற்பவருக்குச் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், வயது 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. இதை வைத்து ஒருவர் ஒரு நூல் எழுதி, 'இதுவே மக்களாட்சியின் தொடக்கம்' என்று வாதிடுவதாகக் கொள்வோம். அந்நூலை மதிப்புரை செய்பவர், 'நிலமுள்ளவர் மட்டுமே நிற்க முடிந்த தேர்தலை அப்படி அழைப்பது சரியா?' என்று கேட்பதாகவும் கொள்வோம்.

வயதும் நிலமும் பற்றிய செய்தி கல்வெட்டினுடையது. மக்களாட்சி என்ற வாதம் நூலாசிரியருடையது. கேள்வி மதிப்புரையாளருடையது. சுருக்கத்தில், 'உத்திரமேரூரில் மக்களாட்சி இருந்தது. ஆனால் நிலமற்றவர்களுக்கு இடமில்லை' என்று எழுதினால் மூன்று குரல்களும் ஒன்றாகிப் போகின்றன. 'உத்திரமேரூரில் மக்களாட்சி இருந்தது என்ற ஆசிரியரின் வாதத்தை மதிப்புரையாளர் ஐயத்துடன் பார்க்கிறார்; நிலமுள்ளவர் மட்டுமே போட்டியிட முடிந்ததை அவர் சுட்டுகிறார்' என்று எழுதினால் ஒவ்வொரு சொல்லும் உரியவரிடம் போய்ச் சேர்கிறது.

எடுத்துக்காட்டு: காந்தியைப் பற்றி ஆர்வெல்

காந்தியடிகள் தம் வரலாற்றைக் குஜராத்தியில் எழுதினார். அது 1925 முதல் 'நவஜீவன்' வார இதழில் பகுதி பகுதியாக வந்தது. மகாதேவ தேசாய் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நூல் 1920-களின் தொடக்க நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது. உப்புச் சத்தியாக்கிரகமோ 'வெள்ளையனே வெளியேறு' போராட்டமோ அதில் இல்லை.

ஜார்ஜ் ஆர்வெல் 1903-இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஆங்கில அரசின் காவல் துறையில் பணியாற்றி, அந்த ஆட்சியின் மீது வெறுப்புற்று விலகியவர். காந்தியடிகள் 1948 ஜனவரி 30 அன்று கொல்லப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1949 ஜனவரியில், 'பார்ட்டிசன் ரிவ்யூ' என்ற அமெரிக்க இதழில் ஆர்வெலின் கட்டுரை வெளியானது. 'காந்தியைப் பற்றிய சிந்தனைகள்' என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட அக்கட்டுரை, தன்வரலாற்று நூலை முன்வைத்து எழுதப்பட்ட மதிப்புரையே.

இந்தப் பின்னணியில் எவ்வளவு சுருக்கத்தில் சேர வேண்டும் என்பது முதல் கேள்வி. நூலின் பெயர், மதிப்புரையாளர் பெயர், வெளிவந்த ஆண்டு ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். ஆர்வெல் பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்தது, அவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்று காட்டுவதால் ஒரு சொற்றொடர் அளவில் சேரலாம். மற்றவை வேண்டா.

வாக்கியங்களை வகைப்படுத்துதல்

முதல் வாசிப்பில் எதையும் எழுதாமல் முழுவதும் படிக்க வேண்டும். இரண்டாம் வாசிப்பில் ஓரத்தில் அடையாளம் இடலாம். நூற்செய்திக்கு 'செ', பாராட்டுக்கு 'பா', குறைக்கு 'கு', பிறர் கருத்தை எடுத்துச் சொல்வதற்கு 'பி', முடிபுக்கு 'மு' என்று ஐந்து எழுத்துகள் போதும்.

ஆர்வெலின் மதிப்புரையில் செய்தி வாக்கியங்கள் பல உள்ளன. இளைஞரான காந்தி இலண்டனில் உயர்ந்த தொப்பி அணிந்தது, நடனமும் வயலினும் கற்க முயன்றது, சிறுவயதில் சில காசுகள் திருடியது போன்றவை அவை. இவை 'செ' வகை. இவற்றுள் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை சுருக்கத்தில் இடம்பெறத் தேவையில்லை. எந்த ஒன்றிரண்டு என்பதை அடுத்து வரும் பாராட்டோ குறையோ முடிவு செய்யும். மதிப்புரையாளரின் தீர்ப்புக்குச் சான்றாக நிற்கும் செய்தியே தங்கும்.

மதிப்புரையாளர் பாராட்டியவை

ஆர்வெல் பாராட்டுபவற்றை நூலுக்கு உரியவை, மனிதருக்கு உரியவை என இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

நூலைப் பற்றி அவர் சொல்வது அளவானது. அது இலக்கியப் பேரழகு கொண்ட படைப்பு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதில் பெரும்பகுதி சாதாரணச் செய்திகளாக இருப்பதே அதன் வலிமையைக் கூட்டுகிறது என்கிறார். மகானாகப் பிறக்காத ஒருவர், எல்லா மாணவர்களையும் போன்ற ஆசைகளோடு தொடங்கி, படிப்படியாகவும் சில வேளைகளில் மனமில்லாமலும் மாறிய கதையாக அது இருக்கிறது. அந்த மகானுக்குள் கூர்மையும் திறமையும் மிக்க ஒருவர் இருந்தார். விரும்பியிருந்தால் அவர் வழக்கறிஞராகவோ நிருவாகியாகவோ பெரும் வெற்றி பெற்றிருப்பார் என்பதை நூல் நினைவூட்டுகிறது. இது நூலுக்கான பாராட்டு.

மனிதரைப் பற்றிய பாராட்டு இன்னும் தெளிவானது. காந்தியின் உடல் துணிவை ஆர்வெல் எடுத்துக் காட்டுகிறார். தம் உயிரைப் பெரிதாக மதித்திருந்தால் அவர் தக்க காவலோடு இருந்திருப்பார் என்பதால், இறந்த விதமே அத்துணிவுக்குச் சான்று என்கிறார். அடுத்து, பிறரைச் சந்தேகிக்காமை. பொறாமையோ தாழ்வுணர்ச்சியோ அவரிடம் இல்லை. மாகாண ஆளுநர், பஞ்சாலை முதலாளி, பட்டினியில் வாடும் தென்னிந்தியக் கூலித் தொழிலாளி, ஆங்கிலேயப் படைவீரர் ஆகிய அனைவரையும் அவர் ஒரே வகையில் மனிதராகவே அணுகினார் என்பது ஆர்வெலின் கருத்து.

இப்பகுதியைச் சுருக்கும்போது 'ஆர்வெல் காந்தியின் நற்குணங்களைப் பாராட்டுகிறார்' என்று முடித்துவிடும் பழக்கம் உண்டு. அவ்வாக்கியம் எந்த மதிப்புரைக்கும் பொருந்தும். ஆகவே எதையும் தெரிவிக்காது. 'துணிவு, சந்தேகமின்மை, எல்லோரையும் சமமாக நடத்துதல்' என்று பெயர் சொல்லி எழுதினால் அதே நீளத்தில் செய்தி கிடைக்கிறது.

மதிப்புரையாளர் கூறிய குறைகள்

ஆர்வெலின் குறைகள் இரண்டு வெவ்வேறு தளங்களில் உள்ளன. ஒன்று காந்தியின் வாழ்க்கை இலட்சியத்தைப் பற்றியது. மற்றொன்று அவருடைய அரசியல் வழியைப் பற்றியது. இவ்விரண்டையும் கலக்கக் கூடாது.

முதற்குறை இது: மாமிசம், மது, மசாலா, உடலின்பம் இவற்றோடு நெருங்கிய நட்பையும் காந்தி விலக்கச் சொன்னார். எல்லோரையும் நேசிக்க வேண்டுமானால் எவரையும் தனியாக நேசிக்கக் கூடாது என்பது அதன் உட்பொருள். மருத்துவர் சொன்ன புலால் உணவைக் கொடுப்பதைவிட மனைவியோ குழந்தையோ இறக்கட்டும் என்று காந்தி மூன்று முறை துணிந்ததை ஆர்வெல் நூலிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். இத்தகைய நிலை உயர்ந்ததாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலோர் அச்சொல்லைப் புரிந்துகொள்ளும் பொருளில் அது மனிதத்தன்மை உடையதன்று என்பது அவர் வாதம். குறைகளோடு வாழ்வதும், சிலரைத் தனியாக நேசித்து அதனால் துன்புறுவதும் மனித வாழ்வின் இயல்பு என்று அவர் கருதுகிறார். கடவுளை நோக்கிய இலட்சியமும் மனிதனை நோக்கிய இலட்சியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகமாட்டா. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்கிறார். இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதத்துக்குள் அவர் போகவில்லை.

இரண்டாம் குறை அரசியலைச் சார்ந்தது. சத்தியாக்கிரகம் ஆங்கில அரசிடம் பலித்ததற்கு ஒரு காரணம், அவ்வரசு காந்தியைப் பேசவும் எழுதவும் விட்டதாகும். அவர் உண்ணாநோன்பு இருந்தால் உலகம் அறிந்தது. எதிர்ப்பவர்கள் நள்ளிரவில் காணாமல் போகும் நாட்டில், பத்திரிகைச் சுதந்திரமும் கூட்டம் கூடும் உரிமையும் இல்லாத இடத்தில், இவ்வழி எப்படிச் செயல்படும் என்று ஆர்வெல் கேட்கிறார். முழு அதிகார ஆட்சியின் இயல்பைக் காந்தி சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, எல்லாவற்றையும் தம் ஆங்கில எதிர்ப்பு அனுபவத்தின் வழியாகவே பார்த்தார் என்பது அவர் ஐயம்.

முதற்குறையில் ஆர்வெல் உறுதியாக மறுக்கிறார். இரண்டாவதில் கேள்வி எழுப்புகிறார். சுருக்கத்தின் வினைச்சொற்கள் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும். முதலாவதற்கு 'ஏற்க மறுக்கிறார்' என்றும், இரண்டாவதற்கு 'ஐயுறுகிறார்', 'கேள்வி எழுப்புகிறார்' என்றும் எழுதலாம். இரண்டுக்கும் 'கண்டிக்கிறார்' என்ற ஒரே சொல்லை இட்டால் ஐயம் தீர்ப்பாக மாறிவிடும்.

தடுமாற வைக்கும் இடங்கள்

இம்மதிப்புரையில் வகைப்படுத்தக் கடினமான மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, குறைபோல் தோன்றும் பாராட்டு. காந்தி ஒப்புக்கொண்ட பாவங்களை ஆர்வெல் வரிசையாகப் பட்டியலிடுகிறார்: சில சிகரெட்டுகள், சில வாய் மாமிசம், சில காசுகள், தவறிவிழாமல் தப்பிய சில சந்தர்ப்பங்கள். அவசரமாகப் படிப்பவர் இதைக் 'கு' என்று குறிப்பார். ஆனால் அப்பட்டியலின் நோக்கம், எல்லாவற்றையும் குவித்தாலும் குவியல் மிகச் சிறியது என்று காட்டுவதுதான். ஓரளவு நகைச்சுவையோடு சொல்லப்பட்ட பாராட்டு அது. ஒரு பட்டியலைப் பார்த்தால் அது எதற்காகப் போடப்பட்டது என்று, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, பிறர் கருத்து. காந்தி ஒவ்வொரு நெருக்கடியிலும் வன்முறையைத் தடுத்ததால், அவர் தங்களுக்கு உதவும் ஆள் என்று ஆங்கில அதிகாரிகள் தனிப்பேச்சில் கருதினர் என்று ஆர்வெல் எழுதுகிறார். இது அதிகாரிகளின் எண்ணம், எனவே 'பி'. 'காந்தி ஆங்கிலேயருக்கு உதவியவர் என்று ஆர்வெல் குற்றம் சாட்டுகிறார்' என்று எழுதினால், ஆர்வெல் சொல்லாததை அவர் தலையில் கட்டுவதாகும்.

மூன்றாவது, ஒரே செய்தியில் பாராட்டும் குறையும் சேர்ந்து வருவது. 1938-இல் ஜெர்மானிய யூதர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அவர்கள் தங்கள் உயிரைக் கூட்டாகத் தியாகம் செய்தால் உலகம் விழித்துக்கொள்ளும் என்று காந்தி கருதியதை, லூயி ஃபிஷர் என்ற எழுத்தாளரை மேற்கோள் காட்டி ஆர்வெல் குறிப்பிடுகிறார். படிப்பவருக்கு இது கடும் குறையாகவே தோன்றும். ஆனால் ஆர்வெல் முதலில் சொல்வது வேறு. போரில் உயிர் கொல்லாதவர், அதன் விளைவாகப் பிற உயிர்கள் போகக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற அமைதிவாதிகள் இக்கேள்வியைத் தட்டிக் கழித்தபோது காந்தி நேர்மையாக விடை சொன்னார் என்கிறார். அதன் பிறகே, அந்த விடையில் முழு அதிகார ஆட்சியைப் பற்றிய புரிதல் இல்லை என்ற ஐயத்துக்குப் போகிறார். ஆகவே நேர்மைக்குப் பாராட்டும் வழிக்கு ஐயமும் என இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தர வேண்டும்: 'கடினமான கேள்விக்கு நேர்மையாக விடை கூறியதை மதிக்கும் ஆர்வெல், அவ்விடை நடைமுறைக்கு ஒத்ததா என்று ஐயுறுகிறார்.'

முடிபைக் கண்டறிதல்

மதிப்புரையின் கடைசி வாக்கியமே முடிபு என்று கொள்வது எளிது. பல மதிப்புரைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆர்வெலின் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்தால், காந்தி தம் காலத்து மற்ற தலைவர்களோடு ஒப்பிடும்போது தூய்மையான மணத்தை விட்டுச் சென்றவர் என்ற புகழுரை மட்டுமே கிடைக்கும். ஆனால் அவ்வாக்கியத்தின் முன்பாதியில் வேறொன்று இருக்கிறது. காந்தியிடம் ஒருவித மனவிலகல் தமக்கு உண்டு என்பதையும், அவரை மகான் என்று ஏற்காமல் இருக்கலாம், மகானாவதே தகுந்த இலட்சியமல்ல என்றும் கருதலாம் என்பதையும் ஆர்வெல் அங்கே சொல்கிறார். காந்தி தம்மை மகான் என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். இவ்வளவையும் வைத்துக்கொண்டே, அரசியல்வாதியாக மட்டும் பார்த்தால் அவர் தூய்மையானவர் என்கிறார்.

எனவே முடிபு இரண்டு கூறுகளாலானது: இலட்சியத்தை ஏற்காமை, அரசியல் மனிதராக உயர்ந்த மதிப்பு. முதல் கூறை விட்டால் ஆர்வெல் பக்தராகிவிடுவார். இரண்டாவதை விட்டால் பகைவராகிவிடுவார்.

முடிபுக்குச் சற்று முன்பு ஒரு பகுதி கேள்வி வடிவில் இருக்கிறது. காந்தியின் தலையாய அரசியல் நோக்கமான ஆங்கில ஆட்சியின் அமைதியான முடிவு நிறைவேறியது என்று ஆர்வெல் உறுதியாகச் சொல்கிறார். ஆனால் இங்கிலாந்தில் இந்திய விடுதலைக்கு ஆதரவான கருத்து வளர்ந்ததில் காந்தியின் பங்கு எவ்வளவு, வெறுப்பில்லாமல் போராடியதன் மூலம் அரசியல் காற்றையே அவர் தூய்மைப்படுத்தினாரா என்பவற்றைக் கேள்விகளாகவே விடுகிறார். இப்படிக் கேட்கத் தோன்றுவதே அவருடைய உயரத்தைக் காட்டுகிறது என்கிறார். சுருக்குபவர் அக்கேள்விகளை 'ஆம்' என்ற விடையாக மாற்றக் கூடாது.

முடிபைக் கண்டறிய ஒரு வழி உண்டு. 'ஆனால்', 'எனினும்', 'ஆயினும்' போன்ற சொற்கள் வரும் இடங்களைத் தேடி, அவற்றுக்கு முன் என்ன இருக்கிறது, பின் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பின்னால் வருவதற்கே எழுதியவர் அதிக எடை தருகிறார். 'நூல் அழகானது, எனினும் பிழை மலிந்தது' என்பதும் 'நூலில் பிழை மலிந்துள்ளது, எனினும் அழகானது' என்பதும் ஒரே செய்திகளைக் கொண்டவை. ஆனால் தீர்ப்புகள் வேறு. சுருக்கத்தில் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மாதிரிச் சுருக்கம்

மேற்கண்ட முறையில் ஆர்வெலின் மதிப்புரையைப் பின்வருமாறு சுருக்கலாம்:

> காந்தியடிகளின் தன்வரலாற்றுக்கு ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-இல் வெளியான மதிப்புரை, நூலைவிட அதன் ஆசிரியரையே மிகுதியாக மதிப்பிடுகிறது. நூல் இலக்கியச் சிறப்பு மிக்கதல்ல என்று ஒப்புக்கொள்ளும் ஆர்வெல், சாதாரண மனிதர் ஒருவர் படிப்படியாக மாறியதைக் காட்டும் எளிமையே அதன் வலிமை என்கிறார். காந்தியின் துணிவையும், சந்தேகமற்ற மனத்தையும், எல்லோரையும் சமமாக நடத்தியதையும் பாராட்டுகிறார். ஆனால் தனிப்பட்ட பாசத்தையும் துறக்கச் சொல்லும் அவருடைய இலட்சியம் மனித இயல்புக்கு மாறானது என்று அதை ஏற்க மறுக்கிறார். பேச்சுரிமை இல்லாத கொடுங்கோல் நாடுகளில் சத்தியாக்கிரகம் பயன்படுமா என்றும் கேள்வி எழுப்புகிறார். ஆங்கில ஆட்சி அமைதியாக முடிவுற்றதில் காந்தியின் நோக்கம் நிறைவேறியது என்பது அவர் கருத்து. காந்தியை மகான் என ஏற்காவிட்டாலும், அரசியல்வாதியாகத் தம் காலத்துத் தலைவர்களுள் அவர் தூய்மையானவர் என்று ஆர்வெல் முடிக்கிறார்.

இதில் ஏழு வாக்கியங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் கருத்து யாருடையது என்பது வினைமுற்றாலோ பெயராலோ தெரிகிறது. எழுதியவருக்குக் காந்தியின் மீது எவ்வளவு பற்று என்பது எங்கும் தெரியவில்லை. யூதர்களைப் பற்றிய செய்தி இடமின்மையால் விடப்பட்டிருக்கிறது. ஆனால் அது சான்றாக நின்ற ஐயம் ஐந்தாம் வாக்கியத்தில் இருக்கிறது. சான்றை விடலாம், அது தாங்கிய கருத்தை விடக் கூடாது.

பிழையான சுருக்கம் ஒன்று

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பிழையான சுருக்கம் ஒன்று:

> தேசப்பிதா காந்தியின் அரிய நூலான சத்திய சோதனையை ஆர்வெல் கடுமையாக விமர்சிக்கிறார். காந்தி சிறுவயதில் திருடியதையும் மாமிசம் உண்டதையும் குறை கூறுகிறார். காந்தி ஆங்கிலேயருக்கு உதவினார் என்கிறார். அகிம்சை எந்த நாட்டிலும் பயன்படாது. ஆனாலும் இறுதியில் காந்தியைப் போற்றுகிறார்.

முதல் வாக்கியத்தில் 'அரிய நூல்' என்பது சுருக்கியவரின் கருத்து, ஆர்வெலுடையது அன்று. இரண்டாவதில் பாராட்டு குறையாக மாறியிருக்கிறது. மூன்றாவதில் அதிகாரிகளின் எண்ணம் மதிப்புரையாளர் தலையில் ஏற்றப்பட்டுள்ளது. நான்காவதில் இரண்டு பிழைகள்: கேள்வி தீர்ப்பாகிவிட்டது, மேலும் 'என்கிறார்' என்ற சொல் இல்லாததால் அது சுருக்கியவரே சொல்வதுபோல் நிற்கிறது. கடைசி வாக்கியம் எதற்காகப் போற்றுகிறார் என்று சொல்லவில்லை. நான்கு வாக்கியம் திட்டிவிட்டு ஐந்தாவதில் ஏன் போற்றுகிறார் என்பது படிப்பவருக்கு விளங்காது. இவ்வாறு முடிபு முன்பகுதியோடு ஒட்டாமல் நின்றால், இடையில் ஏதோ ஒரு பாராட்டு விடுபட்டிருக்கிறது அல்லது தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சரிபார்த்தல்

எழுதி முடித்தபின் மூலத்தை மூடிவைத்து, சுருக்கத்தை மட்டும் ஒருமுறை படிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'இதைச் சொன்னவர் யார்?' என்று கேட்க வேண்டும். விடை உடனே கிடைக்காத வாக்கியம் திருத்தப்பட வேண்டும். பிறகு மூலத்தைத் திறந்து, ஒவ்வொரு பாராட்டுக்கும் குறைக்கும் அங்கே இடம் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசிச் சோதனை, மதிப்புரையை எழுதியவரே இச்சுருக்கத்தைப் படிப்பதாக எண்ணிப் பார்ப்பது. அவர் 'ஆம், இதைத்தான் சொன்னேன்' என்பாரா, 'நான் இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லையே' என்பாரா என்று கேட்டுக்கொண்டால், மிகைப்பட்ட சொற்கள் தாமே தெரியவரும்.

இச்சுருக்கத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. இதைப் படித்தவர் 'சத்திய சோதனை'யைப் படித்தவர் ஆகமாட்டார். ஆர்வெல் அதை எப்படிப் படித்தார் என்பதை மட்டுமே அறிந்தவர் ஆவார். ஆர்வெலின் தீர்ப்பு சரியா என்பதற்கு விடை சுருக்கத்தில் இல்லை. அது நூலில் இருக்கிறது. சுருக்குபவர் அத்தீர்ப்போடு உடன்படாவிட்டால், சுருக்கத்தை முடித்து, ஒரு கோடிட்டு, தம் கருத்தைத் தனிப் பத்தியில் தம் பெயரிலேயே எழுதலாம். சுருக்கத்துக்குள் அதைக் கலக்கக் கூடாது.